டபுள் மார்க்கரில் ‘ஹை ரிஸ்க்’ வந்தால் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று அர்த்தமா?

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி. கணவர் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட். வீட்டில் 28 வயது மனைவி, 13 வாரக் கர்ப்பம். மாலையில் லேபிலிருந்து வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வருகிறது. சிவப்பு எழுத்தில் ‘டிரைசோமி 21: ஹை ரிஸ்க், 1:180’. கூகுளில் தேடியதும் கண்ணீர் முட்டுகிறது. விஷயம் தெரிந்த மாமியார், “குழந்தைக்குக் குறைன்னு சொல்லிட்டாங்களா?” என்று பதறுகிறார்.

இல்லை, அந்த ரிப்போர்ட் அப்படிச் சொல்லவே இல்லை. அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

46-க்குப் பதில் 47

நம் ஒவ்வொரு செல்லிலும் 23 ஜோடி, அதாவது 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒரு ஜோடி சரியாகப் பிரியாமல் போனால், குழந்தைக்கு ஒரு குரோமோசோம் கூடுதலாக வந்துவிடும். 21-வது குரோமோசோம் மூன்றாக இருந்தால் அது டவுன் சிண்ட்ரோம். 18-வது மூன்றாக இருந்தால் எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம், 13-வது என்றால் படாவ் சிண்ட்ரோம். பின்னிரண்டும் மிகத் தீவிரமானவை. பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் முதல் வருடத்தைத் தாண்டுவதில்லை.

டவுன் சிண்ட்ரோம் அப்படியில்லை. வளர்ச்சியும் கற்றலும் மெதுவாக இருக்கும். கிட்டத்தட்ட பாதிக் குழந்தைகளுக்கு இதயக் கோளாறு இருக்கலாம். ஆனால் நல்ல சிகிச்சையும் பயிற்சியும் கிடைத்தால் பள்ளிக்குப் போய், பெரியவர்களாகி, வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

கிரகணத்தில் வெளியே போனதாலோ, எதையாவது சாப்பிட்டதாலோ இது வருவதில்லை. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடும். 25 வயதில் சுமார் 1,250 பிரசவத்துக்கு ஒன்று, 35-ல் 350-க்கு ஒன்று, 40-ல் 100-க்கு ஒன்று. ‘எனக்குச் சின்ன வயசுதானே’ என்று விட்டுவிடவும் முடியாது. இளம் வயதில்தான் பிரசவங்கள் அதிகம் என்பதால், டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் அம்மாக்களில் பலர் 35 வயதுக்குக் கீழே இருப்பவர்களே.

ஸ்கிரீனிங் என்பது சல்லடை

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் என்.டி ஸ்கேனில், குழந்தையின் பிடரித் தோலுக்கடியில் இருக்கும் நீரின் தடிமனை அளப்பார்கள். கூடவே அம்மாவின் ரத்தத்தில் இரண்டு பொருட்களின் அளவைப் பார்ப்பதுதான் டபுள் மார்க்கர். இவற்றோடு அம்மாவின் வயது, எடை, கர்ப்பத்தின் வாரக்கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து, கம்ப்யூட்டர் ஒரு வாய்ப்புக் கணக்கு போடும். குழந்தையின் குரோமோசோமை இதில் யாரும் பார்ப்பதே இல்லை.

‘1:180’ என்றால், இதே ரிசல்ட் வந்த 180 பெண்களில் ஒருவரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம், 179 பேரின் குழந்தைக்கு இருக்காது என்று பொருள். பல லேப்கள் 1:250-ஐ எல்லைக்கோடாக வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினால் ‘ஹை ரிஸ்க்’ என்று அச்சாகிவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10,000 கர்ப்பிணிகள் இந்த டெஸ்ட் எடுக்கிறார்கள், அதில் 10 பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் சுமார் 9 பேரைக் கண்டுபிடிக்கும், ஒருவரைத் தவறவிடும். அதோடு, பாதிப்பே இல்லாத சுமார் 500 பேருக்கும் ‘ஹை ரிஸ்க்’ காட்டும். சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயப்படுகிற 509 பேரில் 500 பேரின் குழந்தைக்கு எதுவும் இல்லை. அதேபோல ‘லோ ரிஸ்க்’ வந்த அந்த ஒருவரின் குழந்தைக்குப் பாதிப்பு இருக்கிறது. சல்லடையின் இயல்பு இதுதான்.

உள்ளே போகும் தகவல் தப்பானால் கணக்கும் தப்பாகும். எனவே ரிப்போர்ட் வந்ததும் முதலில் பிறந்த தேதி, எடை, ஸ்கேன் தேதி, சர்க்கரை நோய், ஐ.வி.எஃப், இரட்டைக் கர்ப்பம் போன்ற விவரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தப்பு இருந்தால், திருத்தித் திரும்பக் கணக்கிடச் சொல்லிக் கேளுங்கள்.

‘99 சதவிகிதம் துல்லியம்’ என்றால்?

10 வாரத்துக்குப் பிறகு எடுக்கக்கூடிய ரத்தப் பரிசோதனை என்.ஐ.பி.டி. அம்மாவின் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ துணுக்குகளை எண்ணிப் பார்க்கும் முறை இது. டவுன் சிண்ட்ரோம் இருக்கும் 100 கர்ப்பங்களில் சுமார் 99-ஐக் கண்டுபிடித்துவிடும். ஆனாலும் இதுவும் ஸ்கிரீனிங்தான்.

காரணம், அந்தத் துணுக்குகள் குழந்தையிடமிருந்து நேராக வருவதில்லை, நஞ்சுக்கொடியிலிருந்து வருகின்றன. நஞ்சுக்கொடியில் கூடுதல் குரோமோசோம் இருந்து, குழந்தைக்கு இல்லாமல் போவதும் உண்டு. மேலே சொன்ன 10,000 பேரும் இதை எடுத்தால், உண்மையான 10 பேரோடு, பாதிப்பில்லாத சுமார் 10 பேருக்கும் ‘பாசிட்டிவ்’ வரலாம். அதாவது பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் உண்மையிலேயே பாதிப்பு. அதனால் என்.ஐ.பி.டி ரிசல்ட்டை மட்டும் வைத்துக் கருக்கலைப்பு முடிவு எடுக்கவே கூடாது.

உறுதி சொல்லும் டெஸ்ட்

குழந்தையின் செல்லை எடுத்து, குரோமோசோமை நேரடியாகப் பார்ப்பதுதான் டயக்னாஸ்டிக் டெஸ்ட். 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து துளி திசு எடுப்பது சி.வி.எஸ். பொதுவாக 16-வது வாரத்திலிருந்து, ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியை வயிற்றின் வழியாகச் செலுத்தி 15 முதல் 20 மி.லி பனிக்குட நீரை எடுப்பது ஆம்னியோசென்டெசிஸ். ஊசி உள்ளே இருப்பது ஓரிரு நிமிடம்தான். அம்மாவின் ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம் என்பதால், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

‘அப்போ எல்லோருமே இதை எடுத்துக்கலாமே?’ என்று தோன்றும். இதில் சிறிய அளவில் கருச்சிதைவு அபாயம் இருக்கிறது. அனுபவமுள்ள கைகளில் ஆயிரத்தில் சில பேருக்குத்தான் என்றாலும், அபாயம் பூஜ்யம் இல்லை. அதனால்தான் முதலில் சல்லடை, தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் ஊசி.

முதற்கட்ட ரிசல்ட் சில நாள்களில் வந்துவிடும். செல்லை வளர்த்து 46-ஐயும் பார்க்கும் முழு ரிப்போர்ட்டுக்கு இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும்.

வாரக்கணக்குதான் முக்கியம்

நம் கும்மிடிப்பூண்டிப் பெண்ணுக்குத் திரும்புவோம். அவருக்கு இப்போது 13 வாரம். முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. மின்சார ரயிலில் சென்னைக்குப் போய், கருநிலை மருத்துவம் படித்த டாக்டரைப் பார்த்து உடனே சி.வி.எஸ் செய்யலாம். என்.ஐ.பி.டி எடுத்து, பாசிட்டிவ் வந்தால் மட்டும் ஆம்னியோ செய்யலாம். அல்லது, ‘எந்தக் குழந்தையானாலும் எங்களுக்குச் சரி’ என்று இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்றுமே நியாயமான முடிவுகள்தான். ஆனால் என்.டி ஸ்கேனில் நீரின் தடிமன் மிக அதிகமாக இருந்தாலோ, வேறு உறுப்பில் கோளாறு தெரிந்தாலோ, என்.ஐ.பி.டி-யில் நாளைக் கடத்தாமல் நேராக உறுதி டெஸ்ட்டுக்குப் போகச் சொல்வார்கள்.

16-வது வாரத்தில் ஆம்னியோ செய்தால், முழு ரிப்போர்ட் 19-வது வாரத்துக்குள் கைக்கு வந்துவிடும். 2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தும், கருவில் கடுமையான குறைபாடு போன்ற சில காரணங்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தும் தேவை. அதற்கு மேல் மருத்துவக் குழுதான் முடிவு செய்யும். ஐந்தாம் மாதம்தான் முதல் ஸ்கேன் என்று இருந்துவிட்டால், யோசிக்கவே நேரம் இருக்காது.

குறைபாடு உறுதியானாலும் கர்ப்பத்தைத் தொடர்வதா, வேண்டாமா என்பது அந்தத் தம்பதியின் முடிவு. அதற்கு முன், டவுன் சிண்ட்ரோம் குழந்தையை வளர்க்கும் ஒரு பெற்றோரிடமாவது பேசிப் பாருங்கள். சென்னையில் டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா என்ற அமைப்பு இருக்கிறது. குழந்தையை வளர்க்க முடிவெடுத்தால், இந்த ரிப்போர்ட்டும் கைகொடுக்கும். கருவிலேயே இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கலாம், பச்சிளம் குழந்தைகளுக்கான வசதி உள்ள ஆஸ்பத்திரியில் பிரசவத்தைத் திட்டமிடலாம்.

சரி, மாமியாரின் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? “குறைன்னு யாரும் சொல்லல அத்தை. 180-ல ஒண்ணு வாய்ப்புன்னு சொல்லியிருக்காங்க. உறுதியா தெரிஞ்சுக்க வேற டெஸ்ட் இருக்கு.”