வாட்கின்ஸ் குறிப்பு (என்ரான், 2001)

வாட்கின்ஸ் குறிப்பு என்பது அமெரிக்காவின் என்ரான் எரிசக்தி நிறுவனத்துக்குள் எழுதப்பட்ட ஓர் உள் குறிப்பு. துணைத் தலைவர்களில் ஒருவரான ஷெரன் வாட்கின்ஸ், கணக்குகளில் தமக்கு எழுந்த ஐயங்களை 2001 ஆகஸ்டில் நிறுவனத் தலைவர் கென்னத் லேயிடம் இதன் வழியே தெரிவித்தார்.

பின்னணி

முதன்மைச் செயல் அதிகாரி ஜெஃப் ஸ்கில்லிங் ஆகஸ்ட் 14 அன்று திடீரெனப் பதவி விலகினார். மறுநாள் வாட்கின்ஸ் தம் பெயரைக் குறிப்பிடாமல் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினார். ஆகஸ்ட் 22 அன்று லேயை நேரில் சந்தித்து, விரிவான குறிப்பைக் கொடுத்தார்.

உள்ளடக்கம்

ஐயத்தின் மையம் ‘ராப்டர்’ எனப்பட்ட துணை அமைப்புகள். என்ரானின் முதலீடுகள் மதிப்பிழந்தால் அந்த இழப்பை ராப்டர் ஈடுகட்டும் என்பது ஒப்பந்தம். ஆனால் ராப்டரின் சொத்து பெரும்பாலும் என்ரானின் சொந்தப் பங்குகளே. அதன் வெளிப் பங்காளியான முதலீட்டு நிதியை நடத்தியவரோ என்ரானின் தலைமை நிதி அலுவலர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோ.

வாட்கின்ஸ் எண்களைக் காட்டினார். அவிசி நிறுவனத்தில் என்ரான் வைத்திருந்த பங்குகளின் மதிப்பு 17.8 கோடி டாலரிலிருந்து 50 லட்சம் டாலராகச் சரிந்திருந்தது. என்ரானோ ராப்டர் ஒப்பந்தங்களின் வழியே 55 கோடி டாலருக்கு மேல் ஆதாயம் காட்டியிருந்தது. அப்படியானால் இந்த நட்டத்தை இறுதியில் ஏற்பவர் யார் என்று அவர் கேட்டார். வெளியாள் எவரும் ஏற்கவில்லை என்றால், இழப்பு என்ரானிடமே தங்கிவிட்டது என்று பொருள். யாரையும் குற்றவாளி எனச் சொல்லாமலே ஆவணங்களைக் கொண்டு விடை காணக்கூடிய கேள்வி இது.

ஒப்பந்தங்களை வெளி வல்லுநர்கள் ஆராய வேண்டும் என்றும் அவர் கோரினார். வின்சன் அண்ட் எல்கின்ஸ் சட்ட நிறுவனத்துக்கும் தணிக்கையாளர் ஆர்தர் ஆண்டர்சனுக்கும் இந்த ஒப்பந்தங்களோடு தொடர்பு இருந்ததால், அவர்களைத் தவிர்க்கச் சொன்னார்.

விளைவு

விசாரணை வின்சன் அண்ட் எல்கின்ஸிடமே போயிற்று. கணக்கு வைத்த முறை சரியா என்பது அதன் வரம்பில் சேர்க்கப்படவில்லை. மேல்விசாரணை தேவையில்லை என்று அது அக்டோபர் 15 அன்று எழுத்தில் அறிவித்தது. மறுநாளே என்ரான் மூன்றாம் காலாண்டில் 61.8 கோடி டாலர் நட்டம் என வெளியிட்டது. டிசம்பர் 2 அன்று திவால் பாதுகாப்புக் கோரியது.

மதிப்பீடு

முதல் கடிதத்தில் ஒரு குறையும் உண்டு. ஸ்கில்லிங் ஏன் விலகினார் என்பது பற்றிய ஊகத்தை வாட்கின்ஸ் அதில் எழுதினார். அதைச் சரிபார்க்க வழியில்லை. ராப்டர் பற்றிய வாதத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. எண்களும் கேள்வியும் மட்டுமே குறிப்பைத் தாங்கி நின்றன.

எழுதியவருக்கு அப்போது சட்டப் பாதுகாப்பும் குறைவாகவே இருந்தது. என்ரான் சரிவுக்குப் பின் அந்த நிலை மாறியது. நிறுவனக் கணக்குகள் பற்றி ஊழியர்கள் எழுப்பும் புகார்களைத் தணிக்கைக் குழு பெற்றுக் கையாள வழிமுறை வகுக்க வேண்டும் என்று 2002 ஜூலையில் இயற்றப்பட்ட சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் கட்டாயமாக்கியது.