1622 ஏப்ரல் 14 வருஷப் பிறப்பா?

தம்பலகாமத்து ஆதி கோணேசர் கோயிலின் கதையைக் கேட்டால், எல்லாரும் கோணமலையில் இருந்துதான் தொடங்குவாங்க. போர்த்துக்கேயர் அங்கிருந்த கோயிலைச் சித்திரை வருஷப் பிறப்பன்று இடித்தார்கள். காப்பாற்றிய திருவுருவங்கள்தான் பிறகு தம்பலகாமத்துக்கு வந்தன என்பது மரபு. பல கட்டுரைகளில் அந்த நாளுக்கு ‘1622 ஏப்ரல் 14’ எண்டு திகதியும் போட்டிருக்கும்.

அந்தத் திகதியில்தான் சிக்கல்.

ஒரு வருஷத்தை இரண்டு விதமாக அளக்கலாம். பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளில் இருந்து அடுத்த அதே நாள் வரை எண்ணலாம். அது பருவ ஆண்டு. இல்லையெண்டால், சூரியன் ஒரு நட்சத்திரத்துக்கு நேரே நின்று மறுபடி அதே இடத்துக்கு வரும் வரை எண்ணலாம். அது நட்சத்திர ஆண்டு. இரண்டாவது சுமார் 20 நிமிடம் கூட.

ஏன்? பூமி நடுவில் கொஞ்சம் உப்பியிருக்கு. அந்த உப்பலைச் சூரியனும் சந்திரனும் இழுப்பதால், ஓயப்போகும் பம்பரம் மாதிரி பூமியின் அச்சு மெல்லத் தலைசுற்றுது. ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டுகள். இதனால் பகலிரவு சமமாகும் புள்ளி நட்சத்திரங்களுக்கு இடையே மெல்லப் பின்னுக்கு நகரும். சூரியன் பழைய நட்சத்திரத்தை எட்டுவதற்கு முன்பே அந்தப் புள்ளியை எட்டிவிடும்.

நம்முடைய சுவர்க் கலண்டர் பருவத்தைப் பிடிச்சுக்கொண்டு போகுது. பஞ்சாங்கம் நட்சத்திரத்தைப் பிடிச்சுக்கொண்டு போகுது. சூரியன் மேட ராசிக்குள் புகும்போதுதான் நமக்கு வருஷம் பிறக்கும். ஆகவே கலண்டரில் அந்த நாள் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும்.

இப்ப கணக்குக்கு வருவோம். வாக்கிய பஞ்சாங்கத்தின் ஆண்டு 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 விநாடி. கலண்டரின் சராசரி ஆண்டு 365 நாள், 5 மணி, 49 நிமிடம், 12 விநாடி. வித்தியாசம் 23 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஏறத்தாழ 62 வருஷத்துக்கு ஒரு நாள். 1622 முதல் 2000 வரை 378 வருஷம். அதாவது 6 நாள். 2000-இல் வருஷம் பிறந்தது ஏப்ரல் 13-இல். ஆறு நாள் பின்னால் போனால், 1622-இல் அது ஏப்ரல் 7 அல்லது 8.

போர்த்துக்கேயர் பழைய ஜூலியன் திகதியைப் போட்டிருப்பாங்களோ? அவர்கள் 1582-லேயே இப்போதுள்ள கலண்டருக்கு மாறிவிட்டார்கள். பழையதில் எண்ணினாலும் அந்த நாள் மார்ச் 28 அளவில்தான் விழும். சிலர் சொல்வதுபோல் ஆண்டு 1624 என்றாலும் இதே விடைதான்.

இதனால் கோயில் இடிபட்டது பொய்யாகாது. வருஷப் பிறப்பன்று என்ற மரபும் பொய்யாகாது. ஆனால் ‘வருஷப் பிறப்பு’, ‘ஏப்ரல் 14’ இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. பின்னால் வந்த யாரோ தன் காலத்துத் திகதியை அந்த நாளுக்குப் போட்டிருக்கலாம். இனி பழைய வருஷப் பிறப்பு ஒன்றுக்கு ஏப்ரல் 14 எண்டு கண்டால், முதலில் 62-ஆல் வகுத்துப் பாருங்க.