'இம்' எங்கே, 'இன் டேம்' எங்கே: ஜெர்மன் சுருக்க வடிவங்களும் தமிழின் 'அந்த'வும்

ஜெர்மன் மொழியில் 'இன்' என்னும் முன்னிடைச்சொல்லும் 'டேம்' என்னும் சார்படையும் (ஆர்ட்டிகிள்) சேர்ந்தால் 'இம்' ஆகும். 'ட்ஸு', 'டேம்' இரண்டும் 'ட்ஸும்' ஆகும். 'இன்', 'டாஸ்' இரண்டும் 'இன்ஸ்' ஆகும். தொடக்கநிலைப் பாடங்களில் இவை பெரும்பாலும் எழுத்துச் சிக்கனம் போலவே கற்பிக்கப்படுகின்றன. சுருக்கலாம், சுருக்காமலும் விடலாம் என்ற எண்ணமே மாணவருக்கு மிஞ்சுகிறது. அது தவறான எண்ணம். சுருக்குவதும் விரிப்பதும் இருவேறு பொருள்களைச் சொல்கின்றன. அந்த வேறுபாட்டைத் தமிழர் ஏற்கெனவே 'அணையில்', 'அந்த அணையில்' என்று பிரித்துப் பேசி வருகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆண்டிபட்டியில் ஒருவர் "அணையில் தண்ணீர் குறைந்துவிட்டது" என்றால் எந்த அணை என்று யாரும் கேட்பதில்லை. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைதான். இதே வாக்கியத்தைக் கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கோடியில் சொன்னால் பெரியாறு அணை நினைவுக்கு வரக்கூடும். பேசும் சூழலில் அப்பெயருக்குரிய பொருள் ஒன்றே என்று இருவரும் எடுத்துக்கொள்வதால் சுட்டு தேவைப்படவில்லை. ஜெர்மனில் இவ்விடத்தில் வருவது 'இம் ஷ்டௌஸே', அதாவது நீர்த்தேக்கத்தில். "ஆண்டிபட்டிக்கு அருகே ஒரு அணை இருக்கிறது, அந்த அணையில் மீன் பிடிக்கிறார்கள்" என்ற தொடர் வேறு வகை. இங்கே கேட்பவருக்கு அணை முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. முந்தைய வாக்கியமே அதை அறிமுகம் செய்கிறது. இதற்கு உரியது 'இன் டேம் ஷ்டௌஸே'. இந்த இடத்தில் 'இம்' என்று சொன்னால், சற்றுமுன் சொன்ன அணையை விட்டுப் பேச்சு வேறொரு நீர்த்தேக்கத்துக்குத் தாவிவிட்டது போல ஒலிக்கும். மாணவர் எழுதியதில் பிழையைக் கண்டுபிடிக்க அந்தத் தாவலே நல்ல அடையாளம். ஒருமையால் அடையாளம் காண்பதும் முன்னுரைப்பால் அடையாளம் காண்பதும் வெவ்வேறு என்பதை ஃப்ளோரியன் ஷ்வார்ட்ஸ் 2009இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வில் இச்சுருக்க வடிவங்களைச் சான்றாகக் கொண்டு விரிவாக நிறுவினார்.

சுருக்கம் என்பது வேகப் பேச்சின் விளைவுதானே என்று ஒருவர் மறுக்கலாம். பேச்சில் பல சேர்க்கைகள் ஒட்டிக்கொள்வது உண்மையே. ஆனால் வேகமே காரணமானால், நிதானமாக எழுதும் சட்ட வாசகத்தில் 'இம்' மறைந்து 'இன் டேம்' பெருக வேண்டும், அப்படி நடப்பதில்லை. 'ஜனவரியில்', 'உதாரணமாக' என்ற பொருள்களில் எவ்வளவு நிதானமாக எழுதினாலும் 'இம்', 'ட்ஸும்' மட்டுமே வரும். வினையைப் பெயராக்கி 'நீந்துகையில்' என்ற பொருளில் சொல்லும்போது 'பைம்' வரும். அதைப் 'பை டேம்' என்று விரித்தால் குறிப்பிட்ட ஒரு நீச்சலைச் சுட்டிக்காட்டுவதாகிவிடும். ஒலி வசதி எந்தச் சேர்க்கைக்குச் சுருக்கம் உண்டு என்பதைத்தான் தீர்மானிக்கிறது ('மிட் டேம்' என்பதற்கு எழுத்து வழக்கில் சுருக்கமே இல்லை). சுருக்கம் உள்ள இடத்தில் எதைத் தேர்வது என்பதைப் பொருள் தீர்மானிக்கிறது.

இதனினும் நுட்பமானது, பெயரோடு விளக்கம் சேரும் இடம். பெரியாறு, வைகை இரண்டையும் பற்றிய உரையில் வெறும் 'இம் ஷ்டௌஸே' போதாது. எந்தத் தேக்கம் என்பதே கேள்வியாகிவிடும். 'வைகை' என்ற பெயரைச் சேர்த்தால் பொருள் மீண்டும் ஒன்றாகிறது, சுருக்கமும் திரும்புகிறது: 'இம் வைகை-ஷ்டௌஸே'. பெயரைச் சொல்லாமல் "1959இல் திறக்கப்பட்ட அந்த அணையில்" என்று பிரித்துக் காட்டினால், ஜெர்மனில் பெயருக்குப் பின்வரும் துணைவாக்கியமே அடையாளத்தைத் தருகிறது. அப்போது பெரும்பாலோர் 'இன் டேம்' என்றே எழுதுவர். அதே ஆண்டை வைகை என்ற பெயருக்குப் பின் கூடுதல் செய்தியாக மட்டும் சொன்னால் 'இம்' அசையாமல் நிற்கும்.

இவற்றிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது: தமிழில் 'அந்த' இல்லாமல் வாக்கியம் தடுமாறினால் சுருக்கக் கூடாது, 'அந்த' சேர்த்ததும் பொருள் கெட்டால் சுருக்கியே ஆக வேண்டும். இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. தமிழில் முன்பு சொன்ன அணையையே 'அந்த' இல்லாமல் 'அணையில்' என்று தொடரலாம். 'ஏதோ ஓர் அணையில்' என்ற பொருளுக்கும் அதே வடிவம் வரும். ஆகவே சுட்டு இல்லை என்பது மட்டும் சுருக்கத்துக்குச் சான்றாகாது; சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சோதனை முற்றிலும் கைவிடும் இடமும் ஒன்று உண்டு. "தண்ணீர் நிற்கும் அணை" என்று நாம் பெயரெச்சத்தால் சொல்வதை ஜெர்மன் 'அணை, இன் டேம் தண்ணீர் நிற்கிறது' என்ற அமைப்பில் சொல்லும். அந்த 'டேம்' சார்படை அன்று. முன் வந்த பெயரைத் தாங்கி நிற்கும் இணைப்புப் பெயர். தமிழ் வாக்கியத்தில் அதற்கு நேரான சொல்லே இல்லாததால், நம் மாணவர் அதையும் 'இம்' ஆக்கிவிடுகிறார்கள். அங்கே பொருளை ஆராய வேண்டியதே இல்லை. அதற்குப் பின் தனக்குரிய பெயர்ச்சொல் வரவில்லை என்பதைக் கண்டாலே போதும், 'இன் டேம்' பிரிந்தே நிற்க வேண்டும்.