எலும்புச் சாறு காய்ச்சுதல்: வெம்மை, காலம், நுரை நீக்கம்

1. வரையறை

எலும்பையும் அதனோடு ஒட்டிய குருத்தெலும்பு, தசைநாண், தோல் ஆகியவற்றையும் நீரிலிட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நெடுநேரம் வைத்துப் பெறுவதையே இங்கு எலும்புச் சாறு என்கிறோம். அரைமணியில் இறக்கும் கறிச்சாறு இதில் அடங்காது. இரண்டையும் வேறுபடுத்துவது கொலாஜன் என்னும் இணைப்புப் புரதம். மூன்று புரியாய் முறுக்கிய கயிறு போன்ற அதன் கட்டு, சூட்டில் அவிழ்ந்து, நீரில் கரையும் ஜெலட்டினாகிறது. இம்மாற்றத்தைப் ‘பசைப்பேறு’ என்று குறிப்போம். சாறு உதட்டில் ஒட்டுவதும், ஆறியபின் கட்டியாக உறைவதும் இதனால்தான். எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தோ சாற்றில் மிகக் குறைவாகவே இறங்கும். அதை எண்ணி நேரத்தை நீட்டுவதில் பயனில்லை.

2. வெம்மை

85 முதல் 95 பாகை செல்சியஸ் வரையுள்ள நிலையைச் ‘சிறுகொதி’ என்றும், நீர் முழுவதும் தளதளவென்று புரளும் நிலையைப் ‘பெருங்கொதி’ என்றும் பிரிக்கிறோம். வெப்பமானி இல்லாதவர் பரப்பைப் பார்த்தே அறியலாம்: சிறுகொதியில் ஓரிரு இடங்களில் மட்டும் குமிழ்கள் எழுந்து உடையும், எலும்புகள் அசையா.

பெருங்கொதியில் நேர்வது என்ன? உருகிய கொழுப்பு புரட்டலில் நுண்துளிகளாகச் சிதறுகிறது. கரைந்திருக்கும் ஜெலட்டின் அத்துளிகளை மீண்டும் ஒன்றுசேர விடாமல் தாங்கிக்கொள்கிறது. நுரைத் துகள்களும் உடைந்து உள்ளே கலக்கின்றன. சாறு வெளுத்துக் கலங்குகிறது. இது எப்போதுமே குற்றம் என்பதில்லை. ஜப்பானியரின் டொன்கொட்சு ராமெனுக்குப் பன்றி எலும்பை வேண்டுமென்றே பெருங்கொதியில் வைத்துப் பால்நிறம் பெறுகிறார்கள். தெளிவு வேண்டுமானால் மட்டுமே அது பிழை. தீயை மிகவும் தணிப்பதில் வேறோர் இடர் உண்டு: 60 பாகைக்குக் கீழே சாறு நெடுநேரம் கிடந்தால் கிருமிகள் பெருக வாய்ப்புண்டு.

3. எலும்பின் வகையும் காலமும்

காலத்தை முடிவு செய்வது எலும்பின் பருமனும், ஒட்டியிருக்கும் கொலாஜனின் முதிர்ச்சியும். மீன் முள்ளுக்கு அரைமணி முதல் முக்கால் மணி போதும். அதன் கொலாஜன் தாழ்ந்த வெப்பத்திலேயே அவிழும். மேலும் காய்ச்சினால் சாறு கலங்கிச் சுவை கெடும். கோழி எலும்புக்கு மூன்று, நான்கு மணி நேரம். மாட்டு மூட்டெலும்புக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை.

ஆட்டுக்கால் இவற்றின் இடையில் நிற்பது. அதைச் சற்று விரித்து நோக்குவோம். மயிர் பொசுக்கிச் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, துண்டாக்கிய நான்கு கால்களை இரண்டரை லிட்டர் நீரில் இடுகிறோம். சிறுகொதியில் இரண்டாம் மணியில் தோல் மெத்தென்றாகும். ஆனால் சாறு இன்னும் நீர்த்தே இருக்கும். நான்காம் மணி அளவில் கணுவெலும்புகள் தாமே கழன்று, தசைநாண் கண்ணாடிபோல் தெரியும். ஒரு கரண்டிச் சாற்றைத் தட்டிலூற்றிக் குளிரூட்டியில் வைத்துப் பாருங்கள். கட்டினால் பசைப்பேறு நிறைந்தது. ஆறு மணிக்கு மேல் நீட்ட வேண்டியதில்லை. மிகுந்து காய்ச்சினால் ஜெலட்டினே சிறு துண்டுகளாக அறுந்து, உறையும் வலிமையை இழக்கும்.

பிரஷர் குக்கரில் உள்வெப்பம் ஏறத்தாழ 120 பாகையை எட்டுவதால், இதே கால்கள் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். தீ தணிந்திருந்தால் உள்ளே நீர் அவ்வளவாகப் புரளாது. சாறும் தெளிந்தே வரும். ஆவியை அவசரமாகத் திறந்துவிட்டால் அக்கணமே பெருங்கொதி எழுந்து சாற்றைக் கலக்கிவிடும். ஆவி தானே அடங்கட்டும்.

4. நுரை நீக்கம்

தசையிலும் குருதியிலுமுள்ள கரையும் புரதங்கள் சூட்டில் திரண்டு மேலெழுவதைக் ‘கழிநுரை’ என்போம். இது நஞ்சன்று, சாற்றைக் கலக்குவதும் வீச்சத்தை உண்டாக்குவதுமே இதன் குறை. தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே எலும்பை இட்டு மெல்லச் சூடேற்றினால் புரதம் பெரிய திரளாகச் சேர்ந்து மிதக்கும். கொதிநீரில் இட்டாலோ நுண்துகளாக உறைந்து சாற்றிலேயே தங்கும்.

முதலில் வருவது சாம்பல் கலந்த பழுப்பு நுரை. அது திரண்டு பரவும்வரை கரண்டியால் கலக்கக் கூடாது. பிறகு ஓரத்திலிருந்து அகப்பையால் வழித்தெடுக்க வேண்டும். முதல் அரைமணியில் பெரும்பகுதி வந்துவிடும். நுரை வெளுத்து மெலிந்தபின், அடிக்கடி வழிப்பது நல்ல சாற்றையும் சேர்த்து இழப்பதே. மிளகு, சீரகம், இஞ்சி ஆகியவற்றை இதற்குப் பிறகே சேர்க்கிறோம். முன்னரே இட்டால் நுரையோடு அவையும் வெளியேறும். மேலே மஞ்சளாய் மிதக்கும் கொழுப்பு கழிநுரையாகாது. அதை விட்டுவைத்து, சாறு ஆறி உறைந்தபின் ஏடாக எடுப்பது எளிது.

5. ஆற்றுதல்

நெடுநேரக் கொதியிலும் சில நுண்ணுயிர்களின் வித்துகள் சாவதில்லை. அடுப்பிலேயே இரவெல்லாம் மெல்ல ஆறும் பெரிய பாத்திரம் அவை முளைக்க ஏற்ற இடம். ஆகவே வடித்த சாற்றை அகன்ற, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, குளிர்நீர்த் தொட்டியில் வைத்து, 60 பாகையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் 21 பாகைக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 பாகைக்கும் இறக்க வேண்டும். குளிரூட்டியில் மூன்று, நான்கு நாள் வைக்கலாம். எடுக்கும்போது வேண்டிய அளவை மட்டும் பெருங்கொதி வரும்வரை காய்ச்ச வேண்டும். தெளிவைப் பற்றி அப்போது கவலை வேண்டாம்.