மருதாணிக் கையில் கொடியும் மாங்காயும் மயிலும்

மருதாணிக் கோலத்தில் கொடி, மாங்காய், மயில் ஆகிய மூன்றும் வட இந்திய மணப்பெண்ணின் கையில் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. ராஜஸ்தானில் இவற்றை முறையே பேல், கேரி, மோர் என்பார்கள். பார்வைக்கு வேறு வேறாகத் தெரிந்தாலும் இவை ஒரே வளைவிலிருந்து பிறப்பவை.

ராஜஸ்தானி பாணியில் இட்ட ஓர் உள்ளங்கையின் புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கட்டில் தொடங்கும் கொடி அலையலையாக ஏறி ஆள்காட்டி விரலில் முடிகிறது. உள்ளங்கையின் நடுவே பெரிய மாங்காய். அதன் பக்கத்தில், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் மயில்.

முதலில் கவனிக்க வேண்டியது மாங்காயை. மருதாணிக் கூம்பின் நுனியை அழுத்தினால் விழுது ஒரு பொட்டாகத் திரளும். அழுத்தத்தைக் குறைத்தபடி நுனியை இழுத்தால் வால் மெலிந்து வளையும். மாங்காயின் வடிவம் அதற்குள் வந்துவிடுகிறது. அலைக்கோட்டின் இருபுறமும் அதையே சிறிதாக அடுக்கினால் கொடிக்கு இலைகள். பெரிய மாங்காயின் கூர்நுனியை நீட்டிக் கழுத்தாக்கி, அலகும் கொண்டையும் வைத்தால் மயில். மாங்காயின் வயிறே மயிலின் உடல். படத்தில் மயிலின் தலையை விரலால் மறைத்துப் பார்த்தால் கீழே மாங்காய் மிஞ்சுவதைக் காணலாம்.

மாங்காய் என்பது நாம் வைத்த பெயர். காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் கரையிலும் மாங்காய் மாலையிலும் இருப்பது இதே வடிவம்தான். கேரி என்ற சொல்லுக்கும் மாங்காய் என்றே பொருள். பாரசீகத்தில் இதைப் போத்தே என்பார்கள். செடி அல்லது புதர் என்பது அதன் பொருள். 17ஆம் நூற்றாண்டுக் காஷ்மீர்ச் சால்வைகளில் பூச்செடியாகவே இருந்த உருவம், அடுத்த நூற்றாண்டுகளில் நெருங்கித் திரண்டு, நுனி வளைந்து துளி வடிவமானது. அந்தச் சால்வைகளைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தார் நெய்தார்கள். ஊர்ப்பெயரே ஆங்கிலத்தில் வடிவத்தின் பெயராயிற்று. மணப்பெண் கையில் மாங்காய்க்குச் சொல்லப்படும் பொருள் வளமை, பிள்ளைப்பேறு. காய்த்துக் குலுங்கும் மரத்தோடும், காமனின் ஐந்து மலர்க்கணைகளில் மாம்பூ ஒன்றாக இருப்பதோடும் இது இயல்பாகப் பொருந்துகிறது.

கொடிக்குப் பொருள் அறாத தொடர்ச்சி. குலம் தழைப்பதைக் கொடி படர்வதாகச் சொல்லும் வழக்கம் தமிழுக்கும் உண்டு. கோயில் வாசல் நிலைகளில் செதுக்கும் கொடிக்கருக்குக்கும் இதற்கும் நெருங்கிய உறவு. தொடர்ச்சி அறக்கூடாது என்பதால்தான் நல்ல கை கொண்டவர்கள் கொடியை நடுவில் முறிக்காமல், மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை ஒரே ஓட்டமாகக் கொண்டுபோகிறார்கள்.

மூன்றில் மிகுந்த உணர்ச்சி ஏற்றப்பட்டது மயில். வறண்ட ராஜஸ்தானில் அது மழையின் தூதன். பெண்கள் மருதாணி இட்டுக்கொள்ளும் தீஜ் பண்டிகையும் மழைக்காலத்தில்தான் வருகிறது. மழை காதலர் கூடும் காலம். வெளியூர் போன கணவன் வராவிட்டால் பிரிவு கூர்மையாகும் காலமும் அதுவே. ராகமாலா ஓவியங்களில் ககுபா என்ற ராகினி, மயில்கள் சூழத் தனியே நிற்கும் பெண்ணாகத் தீட்டப்படுவதை இதோடு வைத்துப் பார்க்கலாம். இரண்டு மயில்கள் எதிரெதிரே நின்றால் தம்பதியர் என்று கொள்வார்கள். திரும்பிப் பார்க்கும் ஒற்றை மயிலை எதிர்பார்ப்பாக வாசிக்கலாம். ஆனால் இப்பொருள்கள் அகராதி போல உறுதியானவை அல்ல. வளையும் கழுத்து உள்ளங்கையின் குழிவில் அழகாக அடங்குகிறது என்பதற்காக மட்டுமே மயில் இடுபவர்களும் நிறைய.

படத்தைப் பார்ப்பவர் ஏமாறும் இடம் நிறம். பெரும்பாலும் விழுது காயும் முன்பே படம் எடுத்துவிடுகிறார்கள். அப்போது கோடுகள் புடைத்து, கரும்பச்சையாகப் பளபளக்கும். அது சிவப்பின் அடர்த்தி அல்ல. விழுதை உதிர்த்ததும் கை ஆரஞ்சு நிறத்தில் இருந்து, ஓரிரு நாளில் செம்பழுப்பாக அடரும். உள்ளங்கையின் தோல் தடித்தது என்பதால் அங்கே சாயம் ஆழமாகப் பிடிக்கும், புறங்கையில் வெளிறும். உதிர்த்த உடனேயே புறங்கையும் கன்னங்கரேலென்று இருந்தால் அது மருதாணி நிறமே அல்ல. பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் பாராபினைலின்டையமின் கலந்த விழுது. அது தோலைக் கொப்பளிக்க வைக்கும், சிலருக்குத் தழும்பும் விடும்.

நாள் செல்லச் செல்ல முதலில் மறைவது மயில் தோகையின் மெல்லிய இழைகள். விரல் நுனியில் ஏறிய கொடியும் அடிக்கடி தண்ணீர் பட்டுச் சீக்கிரம் தேயும். தடித்த கோட்டால் இட்ட உள்ளங்கை மாங்காய் கடைசி வரை நிற்கும்.