விளம்பரப் படங்களில் ஆள் தேர்வு

ஒரு நிறுவனத்தின் விளம்பரப் படங்களில் யார், எந்த வயதில், எந்த நிறத்தில், எந்த இடத்தில் தோன்ற வேண்டும் என்று முடிவு செய்வது ஆள் தேர்வு. தன்னைப் போன்றவர் படத்தில் இருந்தால் வாங்குபவர் அந்தப் பொருளைத் தனக்கானதாகப் பார்ப்பது எளிது.

இந்திய விளம்பரத்தில் சிவப்பழகே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. 2014-இல் விளம்பரத் தரநிலை மன்றம், கருத்த நிறத்தைத் தோல்வியாகவோ சோகமாகவோ காட்டக்கூடாது என்றது. 2017-இல் சென்னைக் கலைஞர்கள் நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தர் இருவரும் கருத்த நிற மாடல்களைத் தெய்வங்களாகப் படமெடுத்தனர். 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020-இல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது.

ஜேடர்பாளையம் பகுதி வெல்லத்துக்கு ஒரு விளம்பரப் படம் என்று வைத்துக்கொள்வோம். ஆலைக்கொட்டகையில் பாகு கிண்டும் நடுவயதுக்காரர், கொப்பரை அருகே பாட்டி, பள்ளிச் சீருடையில் பேத்தி என மூவரும் இருந்தால் மூன்று தலைமுறையும் உழைப்பும் தெரியும்.

இந்தப் படத்தை எடுக்கும்போது சிக்கல் வெளிச்சத்தில்தான். பின்னால் வெள்ளைச் சுவரோ கொட்டகைக்கு வெளியே வெயிலோ இருந்தால், கேமரா அதைக் கணக்கில் கொண்டு ஒளியைக் குறைத்துவிடும். கருத்த முகம் இருண்டுவிடும். ஒளியை முகத்தில் அளந்து, பக்கவாட்டில் பெரிய வெள்ளைத் துணியால் வெளிச்சத்தைத் திருப்பினால் கண்ணும் கன்னமும் துலங்கும்.

படம் திருத்தும்போது முகத்தை மட்டும் வெளுப்பாக்குவது வழக்கமான தவறு. முகத்தையும் கழுத்தையும் புறங்கையையும் ஒப்பிட்டால் அது உடனே தெரிந்துவிடும்.