இளையோர் வழக்குச்சொற்களும் பெற்றோரின் பொருள்மயக்கமும்

பதின்ம வயதினரும் கல்லூரி மாணவர்களும் தங்களுக்குள் பேசும்போது பொது வழக்கிலிருந்து விலகிப் பயன்படுத்தும் சொற்கள் இளையோர் வழக்குச்சொற்கள் எனப்படுகின்றன. இவை தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றன. சில இடங்களில் பழைய சொல் போய்ப் புதிய சொல் வருகிறது. வேறு சில இடங்களில் சொல் அப்படியே இருக்க, பொருள் மட்டும் மாறுகிறது. பெற்றோர் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இரண்டாம் வகையில்தான். தெரியாத சொல்லைக் கேட்டால் அவர்கள் பொருள் கேட்பார்கள். தெரிந்த சொல்லைக் கேட்டால் பொருள் புரிந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்வார்கள். கடந்த சுமார் அரை நூற்றாண்டுத் தமிழகப் பேச்சு வழக்கில் இதற்குத் தெளிவான சான்றுகள் உள்ளன.

இலக்கணப் பின்னணி

ஒரு குழுவினர் தமக்கென்று தனிச்சொல் வைத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தமிழ் இலக்கணம் குழூஉக்குறி என்று குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல் இதைத் தகுதி வழக்கின் ஒரு வகையாக வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்று சொல்வது இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. 'பறி' பிறருக்கும் தெரிந்த சொல்தான். பட்டறைக்குள் அது எதைக் குறிக்கிறது என்பது மட்டும் வெளியாருக்குத் தெரியாது.

பொற்கொல்லரின் குழூஉக்குறி தொழில் மறைப்புக்கானது. அதனால் அது தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும். இளையோர் வழக்கின் இயல்பு வேறு. ஒருவர் எந்த வயதினர், எந்தக் கூட்டத்தினர் என்பதை அது காட்டுகிறது. அப்பா பேசிய சொல்லை மகன் பேசினால் அந்த அடையாளம் கிடைக்காது. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகச் சொல் தேடுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

பொருள் நிலைத்துச் சொல் மாறுதல்

சலிப்பூட்டும் பேச்சைக் குறிக்கும் சொற்களின் வரிசை இதற்கு நல்ல சான்று. 1970, 80களில் கல்லூரியில் படித்தவர்கள் அதை 'அறுவை' என்றனர். அதே காலத்தை ஒட்டி 'பிளேடு போடுதல்', 'ரம்பம் போடுதல்' என்பவையும் வழங்கின. பின்னர் 'கடி' வந்தது. சிரிப்பு வராத சொல்விளையாட்டுத் துணுக்குகள் 'கடி ஜோக்' என்ற பெயரில் இதழ்களிலும் இடம்பெற்றன. 2000க்குப் பிறகு அந்த இடத்தை 'மொக்கை' பிடித்தது.

இந்த வரிசையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அறுவை, பிளேடு, ரம்பம், கடி ஆகிய நான்கும் கேட்பவரின் பொறுமையை ஏதோ ஒன்று அறுப்பதாகவோ கடிப்பதாகவோ காட்டும் உருவகங்கள். 'மொக்கை' என்றால் கூர் மழுங்கியது. மொக்கைக் கத்தியால் காய் நறுக்க முடியாது. முந்தைய தலைமுறைகளுக்குச் சலிப்பூட்டும் பேச்சு அறுக்கும் கருவி. அடுத்த தலைமுறைக்கு அது அறுக்கவும் திறனற்ற கருவி. சொல் மாறியபோதும் கருவி என்னும் உருவகம் மாறவில்லை.

இந்தச் சொற்களும் தம் காலத்துப் பெரியவர்களைக் குழப்பின. அறுவை என்றால் அவர்களுக்கு மருத்துவமனை நினைவு வரும். பிளேடு போடுதல் என்பது பேருந்துக் கூட்டத்தில் பையை அறுத்துத் திருடுவதைக் குறித்த சொல். "சார் இன்னிக்கு ஒரு மணி நேரம் பிளேடு போட்டாரு" என்று மகன் சொன்னால் திகைப்பது இயல்பே. ஆயினும் இங்கே மயக்கம் நீடிப்பதில்லை. ஆசிரியர் பை அறுக்க மாட்டார் என்பது கேட்பவருக்குத் தெரியும். சொல்லின் பழைய பொருள் அந்த இடத்துக்குப் பொருந்தாததால் இது வேறு ஏதோ என்று உடனே புரிந்துவிடும்.

சொல் நிலைத்துப் பொருள் மாறுதல்

பழைய பொருளும் அதே இடத்தில் பொருந்திவிட்டால்தான் சிக்கல் வருகிறது. கேடான அல்லது தாழ்ந்த பொருளுடைய சொல் நல்ல பொருள் பெறுவதை மொழியியலார் உயர்பொருட்பேறு என்பர். 'களிப்பு' என்பது முன்பு கள்ளுண்ட மயக்கத்தைக் குறித்தது. இன்று அது மகிழ்ச்சி. இளையோர் வழக்கில் இந்த மாற்றம் வேகமாக நிகழ்கிறது. போர், வெறி, குழப்பம், சாவு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் பாராட்டுச் சொற்களாகின்றன. மிகையாகப் பாராட்ட வலுவான சொல் வேண்டும். நல்ல சொற்கள் பழகிப் பழகி வலுவிழந்துவிடுவதால், அச்சம் தரும் சொற்களிலிருந்து அந்த வலு கடன் வாங்கப்படுகிறது.

'அமர்க்களம்' என்பது அமர், களம் என்ற இரு சொற்கள் சேர்ந்தது. அமர் என்றால் போர். போர்க்களத்தைக் குறித்த சொல் ஆரவாரத்தைக் குறிக்கத் தொடங்கி, "கல்யாணம் அமர்க்களமா நடந்துச்சு" என்னும் பாராட்டாயிற்று. 'அட்டகாசம்' வடமொழியில் உரத்த சிரிப்பு. தமிழில் அடங்காத குறும்பைக் குறித்து, பிறகு 'மிகச் சிறப்பு' என்ற பொருளையும் பெற்றது. இவ்விரண்டும் படத் தலைப்புகளாக 1999இலும் 2004இலும் வந்தபோது யாரும் அச்சப்படவில்லை.

அடுத்த தலைமுறையின் சொற்கள் 'தெறி', 'தாறுமாறு', 'வெறித்தனம்', 'மரண மாஸ்'. 'தெறி' 2016இல் வெளியான படத்தின் தலைப்பு. 'மரண மாஸ்', 'வெறித்தனம்' ஆகியவை 2019இல் வந்த பேட்ட, பிகில் படங்களின் பாடல்கள். இளையோர் பேச்சிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து வீட்டுக்கும் என்பதே இத்தகைய சொற்கள் பயணிக்கும் பொதுவான வழி. பெற்றோர் அவற்றைப் பழகிக்கொள்ளும் வேளையில் பிள்ளைகள் வேறு சொல்லுக்குப் போய்விடுவதும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு

பள்ளிப் பேச்சுப் போட்டி முடிந்து வீட்டுக்கு வரும் மகள், தோழியைப் பற்றி, "அவ தாறுமாறா பேசுனாம்மா" என்கிறாள் என்று கொள்ளலாம். அம்மாவின் வழக்கில் தாறுமாறாகப் பேசுவது என்றால் மரியாதையில்லாமல், வாய்க்கு வந்தபடி பேசுவது. "மேடையில போய் அப்படியா பேசுறது? அவகூட சேராத" என்று அவர் சொல்லக்கூடும். மகள் சொன்னது, தோழி எல்லாரையும் அசத்திவிட்டாள் என்பது.

இதில் இருவருமே தமிழைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. ஒரு மாணவி மேடையில் மோசமாகப் பேசுவதும் நடக்கக்கூடியது, அருமையாகப் பேசுவதும் நடக்கக்கூடியது. பிளேடு போட்ட ஆசிரியரைப் போலன்றி, இங்கே சூழல் எந்தப் பொருளையும் தானாக விலக்கவில்லை. ஆகவே அம்மாவுக்குத் தம் புரிதலில் ஐயமே எழவில்லை. மகளின் முகமும் குரலும் மட்டுமே அவருக்குக் கிடைத்த தடயங்கள்.

பழைய சொற்களில் இந்தச் சிக்கலை இலக்கணம் ஓரளவு தீர்த்துவைத்துவிட்டது. "பையன் அட்டகாசம் பண்றான்" என்றால் குறும்பு. "படம் அட்டகாசமா இருக்கு" என்றால் பாராட்டு. இரு பொருளும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. வெவ்வேறு தொடரமைப்புகள் அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. 'தாறுமாறு' இன்னும் அந்த நிலையை எட்டவில்லை. "சாப்பாடு தாறுமாறு" என்றால் பாராட்டு என்பது தெளிவு. பேசினான், ஓட்டினான் போன்ற வினைகளோடு வரும்போது இரு பொருளும் மோதுகின்றன.

தம் தலைமுறையை மறத்தல்

"பயங்கரமா நல்லா இருக்கு" என்று சொல்லும் அப்பா, அதில் பயம் இருப்பதை உணர்வதில்லை. அவர் இளமையில் பழகிய சொல் அது. பயன்பாட்டில் தேய்ந்து, 'மிகவும்' என்ற அளவில் நின்றுவிட்டது. அதே அப்பாவுக்கு 'மரண மாஸ்' என்பதில் மரணம் மட்டும் காதில் விழும். இரண்டிலும் நடந்த மாற்றம் ஒன்றே. தாம் பங்கேற்ற மாற்றம் இயல்பாகவும், பங்கேற்காத மாற்றம் மொழிச் சீரழிவாகவும் தோன்றுகிறது.

அகராதியைப் பார்ப்பதும் எப்போதும் உதவுவதில்லை. 'பூமர்' என்பது அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946 முதல் 1964 வரை பிறந்தவர்களைக் குறிக்கும் சொல். 1975இல் பிறந்த ஒருவர் "நான் பூமர் இல்லையே" என்று கணக்குக் காட்டினால், பிள்ளைகள் மேலும் சிரிப்பார்கள். தமிழ் இளையோரிடம் அது பிறந்த ஆண்டைக் குறிப்பதில்லை. கேட்காமலே அறிவுரை சொல்பவர், காலத்தோடு ஒட்டாதவர் என்பதே பொருள். முப்பது வயதினரும் பூமர் ஆகலாம்.

விளைவுகளும் வரம்பும்

பொருள்மயக்கம் இரண்டு விதமாகத் தீங்கு செய்கிறது. முதலாவது, வீண் அச்சம். நகைச்சுவைக் காணொளிக்குக் கீழே மகன் 'செத்தேன்' என்று எழுதி மண்டையோட்டுப் படம் போட்டால், சிரித்து மாய்ந்தேன் என்பதே பொருள். அதற்காகக் கைப்பேசியைப் பறித்தால், அவன் அடுத்த முறை காட்டாமல் எழுதுவான்.

இரண்டாவது இதற்கு நேர்மாறானது. 'இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் பேசும்' என்று பழகிவிட்ட பெற்றோர், உண்மையான துயரத்தையும் வழக்குச்சொல் என்று கடந்துவிடக்கூடும். சொல்லின் வடிவம் இங்கே ஓரளவு உதவும். வழக்குச்சொல்லான 'செத்தேன்' பெரும்பாலும் நடந்து முடிந்த ஒரு வேடிக்கையையோ சங்கடத்தையோ ஒட்டி, முடிந்த வினையாக, கேட்க ஆள் இருக்கும்போது வருகிறது. "செத்துடலாம் போல இருக்கு", "நான் இல்லாட்டி என்ன" என்பவை விருப்பத்தையும் எதிர்காலத்தையும் சொல்பவை. அவற்றுக்குப் பின்னால் வேடிக்கை எதுவும் இருக்காது. எனினும் இது விதியன்று. வேதனையை விளையாட்டுச் சொல்லில் மூடிச் சொல்பவர்களும் உண்டு. தூக்கம், உணவு, நட்பு ஆகியவற்றில் மாற்றம் தெரிந்தால் சொல் எந்த வகை என்ற ஆராய்ச்சிக்கு இடமில்லை. நேராகக் கேட்பதும் தேவையானால் மனநல உதவியை நாடுவதுமே வழி.

மற்ற நேரங்களில், "நீ எந்த அர்த்தத்துல சொன்ன?" என்ற ஒரு கேள்வி போதுமானது. தாறுமாறாகப் பேசிய தோழியைப் பற்றி அம்மா இதைக் கேட்டிருந்தால், அவள் வாங்கிய பரிசைப் பற்றியும் தெரிந்துகொண்டிருப்பார்.